ஒரு அறைக்கு ஓர் இரவுக்கு எவ்வளவு கேட்பது? கொடைக்கானல் ஹோம்ஸ்டே கணக்கு

கொடைக்கானலில் தம் வீட்டின் ஓர் அறையை ஹோம்ஸ்டேயாக மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, பக்கத்துத் தெருவில் ஏற்கெனவே அறை விடுகிறவரிடம் என்ன வாடகை என்று கேட்டு, அதில் நூறோ இருநூறோ குறைத்துத் தம் அறைக்கு வைத்துக்கொள்வதுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அவர் வீட்டு மாடியில் சூரிய ஒளி வெந்நீர்க் கலன் இருந்தது, அறையை அவருடைய வீட்டாரே சுத்தம் செய்தார்கள், விருந்தினர்கள் தொலைபேசியில் நேரடியாக அவரிடமே பேசி வந்தார்கள். எனக்கோ மின்சாரக் கீசர், கூலிக்கு வரும் ஓர் அம்மா, கமிஷன் பிடிக்கும் முன்பதிவுத் தளம் என மூன்றும் இருந்தன. அவருக்குக் கட்டுபடியான வாடகை எனக்குக் கட்டுபடியாகவில்லை என்பது ஆறு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆகவே பிறர் வாடகையைக் கடைசியில் ஒப்பிட்டுப் பார்க்கவும், முதலில் தன் செலவிலிருந்து வாடகையைக் கட்டி எழுப்பவும் வேண்டிய முறையை இங்கே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக, வீட்டோடு சேர்ந்த, தனிக் குளியலறை உள்ள ஓர் அறையை வைத்துக்கொள்வோம். இரட்டைக் கட்டில் ஒன்று உள்ளது. தரையில் மெத்தை விரித்தால் மேலும் இருவர் படுக்கலாம். காலை உணவு வாடகையில் அடங்கும். கீழே வரும் ரூபாய்க் கணக்குகள் இந்த ஓர் அறைக்கானவை. உங்கள் வீட்டின் தொகைகளை அவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கிடும் வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

முதற்படி: செலவை அது வரும் முறைப்படி பிரித்தல்

ஹோம்ஸ்டே செலவுகள் நான்கு விதமாக வருகின்றன. விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டு முழுவதும் ஓடுவது ஒன்று. ஓர் இரவு தங்கினால் ஒருமுறை வருவது இரண்டாவது. எத்தனை இரவு தங்கினாலும் அவர்கள் காலி செய்யும்போது ஒரேயொருமுறை வருவது மூன்றாவது. ஆள் எண்ணிக்கையோடு ஏறுவது நான்காவது. இரவு வாடகை, சுத்தம் செய்யும் கட்டணம், கூடுதல் ஆள் கட்டணம் என்ற மூன்று தலைப்புகளும் இந்தப் பிரிவிலிருந்தே பிறக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே தொகையாகக் கலந்துவிட்டால், ஓர் இரவு தங்குகிறவரிடம் நட்டப்பட்டு, நான்கு இரவு தங்குகிறவரிடம் அதிகமாக வாங்கிவிடுவோம்.

ஆண்டுச் செலவை முதலில் எழுதுவோம். இணைய இணைப்புக்கு 8,400 ரூபாய். மழைக்காலம் முடிந்ததும் சுவரில் பூத்திருக்கும் பூஞ்சையைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பதற்கு 12,000. சமவெளியில் வீடு வைத்திருந்தவர்கள் இந்தச் செலவை நினைத்தே பார்ப்பதில்லை, ஆனால் மலையில் ஆண்டுதோறும் அது வந்துவிடும். விரிப்பு, கம்பளி, துண்டு ஆகியவற்றைப் புதிதாக மாற்ற 9,000. கீசர், குழாய், தாழ்ப்பாள் பழுதுகளுக்கு 6,000. பதிவுக் கட்டணமும் சில்லறைச் செலவுகளும் 4,600. ஆக 40,000 ரூபாய். இதோடு, அந்த அறையை மாத வாடகைக்கு விட்டிருந்தால் கிடைத்திருக்கும் தொகையையும் சேர்க்க வேண்டும். அதை மாதம் 5,000 என்று வைத்தால் ஆண்டுக்கு 60,000. சொந்த வீடுதானே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பிறகு, சும்மா வாடகைக்கு விட்டிருந்தால் இதைவிட நிம்மதியாக இருந்திருக்குமே என்று மூன்றாவது ஆண்டில் புலம்புகிறார்கள். ஆக மொத்தம் ஆண்டுக்கு 1,00,000.

இரவுக்கான செலவு, இரண்டு பேர் தங்கும்போது: கீசரும் விளக்குகளும் சேர்ந்து சுமார் நான்கு யூனிட், யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்றால் 40. கோடையில் லாரித் தண்ணீர் வாங்குவதையும் சராசரியில் சேர்த்துத் தண்ணீருக்கு 40. காலை உணவும் தேநீரும் ஆளுக்கு 80 வீதம் 160. ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு இங்கே தடை இருப்பதால் அறையில் கேன் தண்ணீர் வைக்க வேண்டியிருக்கிறது. அதற்கும் மற்றவற்றுக்குமாக 20. மொத்தம் 260.

காலி செய்யும்போது வருவது: சுத்தம் செய்யும் அம்மாவுக்கு 200, சலவைக்கு 150, சோப்பு முதல் தரை துடைக்கும் திரவம் வரை 50, ஆக 400 ரூபாய். நவம்பரில் இது 480 ஆகிவிடும், ஏனென்றால் மழையும் மூடுபனியுமாக இருக்கும் நாட்களில் மாடிக் கயிற்றில் போட்ட கட்டில் விரிப்பு மூன்று நாளானாலும் காயாது. தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், விரித்துப் படுத்தால் ஈர வாடை எழும். அதனால் உலர்த்தும் இயந்திரம் வைத்திருக்கும் சலவைக் கடைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். கட்டிலுக்கு இரண்டு செட் விரிப்புப் போதும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். மூன்று செட் வேண்டும்.

இரண்டாம்படி: ஆண்டில் எத்தனை இரவு விற்கும்?

இந்த எண்ணைத்தான் புதியவர்கள் மிகவும் தாராளமாகப் போட்டுக்கொள்கிறார்கள். முன்பதிவுத் தளத்தில் அக்கம்பக்கத்து அறைகளின் நாட்காட்டியைத் திறந்து பார்த்து, அதில் அடைத்திருக்கும் நாட்களையெல்லாம் விற்ற நாட்கள் என்று எண்ணிவிடக் கூடாது. உறவினர் வருகிறார்கள் என்றும், பெயின்ட் வேலை நடக்கிறது என்றும் உரிமையாளர்களே அடைத்து வைக்கும் நாட்களும் அவற்றில் உண்டு. நம்பகமான வழி, சனி, ஞாயிறு விடுமுறைகளிலிருந்து தொடங்குவதுதான். ஆண்டில் 52 வார இறுதிகள்; வெள்ளி, சனி இரவுகளாக எடுத்தால் 104. அதில் பாதியும், ஏப்ரல், மே சீசனில் வார நாட்களில் ஒரு பகுதியும், பூஜை விடுமுறை, கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை, பொங்கல் ஆகியவையும் சேர்ந்தால் 100 முதல் 120 இரவு வரை நியாயமாக எதிர்பார்க்கலாம். என் முதல் ஆண்டில் 97 இரவுதான் விற்றது. இங்கே 120 என்று வைத்துக் கணக்கிடுவோம்.

1,00,000 ரூபாயை 120 இரவுக்குப் பங்கிட்டால் இரவுக்கு 833. அதோடு இரவுச் செலவு 260, சமைத்துப் போட்டு, வந்தவரை வரவேற்று, இரவு பதினொரு மணிக்குக் கீசர் சுவிட்ச் எங்கே என்று கேட்டால் எழுந்து போகும் உங்கள் உழைப்புக்கு 250, எதிர்பாராததற்கும் ஆதாயத்துக்குமாக 257. ஆக ஓர் இரவுக்கு உங்கள் கைக்கு வர வேண்டியது 1,600 ரூபாய். 120 இரவு 80 ஆகக் குறைந்தால் அந்த 833 என்பது 1,250 ஆக ஏறி, கைக்கு வர வேண்டியது 2,017 ஆகிவிடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாடகைக் கணக்கில் வேறெந்த எண்ணும் இவ்வளவு தூரம் முடிவை அசைப்பதில்லை.

மூன்றாம்படி: கமிஷனை வகுத்துச் சேர்த்தல்

தளத்தின் கமிஷன் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள விகிதத்தைப் பாருங்கள். இங்கே 15 சதவீதம் என்று கொள்வோம். 1,600 வேண்டும் என்றால் அதன் 15 சதவீதமான 240-ஐக் கூட்டி 1,840 என்று போடுகிறவர்கள் பலர். ஆனால் தளம் பிடிப்பது 1,840-இன் 15 சதவீதம், அதாவது 276, மிஞ்சுவது 1,564. எனவே கூட்டக் கூடாது, வகுக்க வேண்டும். 1,600-ஐ 0.85-ஆல் வகுத்தால் 1,882 வரும். அதில் 15 சதவீதம் போனால் 1,600 நிற்கும்.

சுத்தம் செய்யும் கட்டணத்தின் மீதும் கமிஷன் பிடிப்பார்கள் என்பதால் அந்த 400-ஐயும் அதேபோல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ 470 வரும்.

வரியைப் பொறுத்தவரை, ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு முன் 12 சதவீதமாக இருந்தது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாமல், ஜிஎஸ்டி பதிவு எடுக்காமல் இருக்கும் சிறிய ஹோம்ஸ்டேக்காரர் தளத்தின் வழியே அறை விற்கும்போது, அந்த வரியைத் தளமே விருந்தினரிடம் வசூலித்துச் செலுத்துகிறது. உங்கள் கையிலிருந்து அது போவதில்லை. ஆனால் விருந்தினர் திரையில் பார்க்கும் மொத்தத்தில் அது சேர்ந்திருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம்படி: சுத்தம் செய்யும் கட்டணத்தைத் தனியாகக் காட்டுவதா, வாடகையில் கரைப்பதா

470 ரூபாயை முழுதாகத் தனியே காட்டினால் கணக்கு நேர்மையாக இருக்கும். ஓர் இரவு தங்குகிறவருக்கு 1,882-உடன் 470 சேர்ந்து 2,352. மூன்று இரவு தங்குகிறவருக்கு இரவுக்கு 157 ரூபாய்தான் கூடும். சிக்கல் என்னவென்றால், கொடைக்கானலுக்கு வருகிற குடும்பங்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு இரவுதான் தங்குகின்றன. அவர்கள் உங்கள் அறையை ஏரிப் பக்கத்து லாட்ஜோடு ஒப்பிடுகிறார்கள், லாட்ஜில் அப்படியொரு கட்டணமே கிடையாது. வாடகையில் கால் பங்கு அளவுக்குச் சுத்தம் செய்யும் கட்டணம் என்று பார்த்தால் எரிச்சலோடு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். காலி செய்து போகிறவர்களும், காசு கொடுத்தாயிற்றே என்று பிரியாணிப் பொட்டலத்தைக் கட்டிலுக்கடியிலேயே விட்டுப் போவார்கள். இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

முழுவதையும் வாடகையில் கரைப்பதும் சரிவராது. சராசரித் தங்கல் இரண்டு இரவு என்று வைத்து இரவுக்கு 235 சேர்த்தால், ஓர் இரவில் போகிறவரிடம் 235 குறைந்துவிடும். நான்கு இரவு தங்குகிறவரோ, அறையை ஒரேயொருமுறை சுத்தம் செய்ததற்கு 940 ரூபாய் கொடுப்பார். அதிக நாள் தங்க நினைப்பவரையல்லவா நாம் விரட்டுகிறோம்?

அதனால் நான் இரண்டாகப் பிரிக்கிறேன். 250 ரூபாயைத் தனிக் கட்டணமாகக் காட்டுகிறேன். மீதி 220-ஐ இரண்டு இரவுக்குப் பங்கிட்டு இரவுக்கு 110 வாடகையில் சேர்க்கிறேன். 1,882-உடன் 110 சேர்ந்தால் 1,992. முழுமையாக்கினால் 2,000. ஆக ஆண்டு முழுவதற்கும் சராசரியாகக் கிடைக்க வேண்டிய இரவு வாடகை 2,000, சுத்தம் செய்யும் கட்டணம் 250. என் அனுபவத்தில், ஓர் இரவு வாடகையில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாத வரை இந்தக் கட்டணத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை.

தொலைபேசியில் நேரடியாகக் கேட்கிறவரிடம் மட்டும் இதைத் தனியாகச் சொல்லவே வேண்டாம். "ரெண்டு நாளைக்கு எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று ஒரே தொகையாகச் சொல்லுங்கள். அங்கே கமிஷன் இல்லாததால் பத்து சதவீதம் வரை குறைத்துக் கொடுக்கவும் இடமுண்டு. பேரம் பேசாமல் அறை எடுத்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஐந்தாம்படி: கூடுதல் ஆள்

வாடகை இரண்டு பேருக்கானது, அதிகபட்சம் நான்கு பேர் என்று முதலில் வரையறுக்க வேண்டும். மூன்றாமவர் ஓர் இரவு தங்கினால் காலை உணவு 80, வெந்நீருக்கு 15, தண்ணீருக்கு 25 என 120 ரூபாய் ஆகிறது. அவர் மெத்தையின் விரிப்பு, கம்பளி உறை, துண்டு ஆகியவற்றின் சலவை ஒருமுறைக்கு 80. இரண்டு இரவுக்குப் பங்கிட்டால் 40. மெத்தை தேய்மானத்துக்கும் கூடுதல் வேலைக்கும் 100 சேர்த்தால் 260. கமிஷனுக்காக வகுத்தால் 306. நான் 350 வைத்திருக்கிறேன். கட்டிலில் படுப்பவர் தலைக்கு 1,000 கொடுக்கும்போது தரை மெத்தையில் படுப்பவர் 350 கொடுப்பது நியாயமாகவே தோன்றும். 700, 800 என்று வைத்தால், இரண்டு பேர் என்று பதிவுசெய்துவிட்டு நான்கு பேராக வந்து இறங்குவதற்கு நாமே தூண்டுகோலாகிவிடுவோம்.

இந்தக் கட்டணத்தைத் தளத்தில் பதிவிடும்போது, எத்தனை பேருக்கு மேல் இது பொருந்தும் என்று ஒரு கட்டம் கேட்கும். அங்கே 1 என்றே விட்டுவிட்டால், கணவன் மனைவியாகத் தேடுகிற ஒவ்வொருவருக்கும் 350 ரூபாய் கூடுதலாகக் காட்டும். அறையைப் பலர் பார்த்தும் யாரும் பதிவு செய்யவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான். சரிபார்ப்பது எளிது: உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, வேறொரு கைபேசியில் விருந்தினரைப்போல் உங்கள் அறையைத் தேடுங்கள். இரண்டு பேர் ஓர் இரவு, இரண்டு பேர் மூன்று இரவு, நான்கு பேர் இரண்டு இரவு என மூன்று விதமாகப் போட்டு, வரும் மொத்தத்தை உங்கள் காகிதக் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

குழந்தைகளைப் பற்றி அறை விவரத்திலேயே எழுதிவிடுவது நல்லது. ஏர்பிஎன்பியில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை விருந்தினர் எண்ணிக்கையில் சேராது. அதற்கு மேற்பட்ட குழந்தை சேரும். நம் ஊர்க் குடும்பங்களோ, ஐந்து வயது வரை குழந்தைக்குக் கட்டணம் கிடையாது என்றே நினைத்துக்கொண்டு வருவார்கள். நான் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குத் தனி மெத்தை கேட்காத வரை வாங்குவதில்லை என்று எழுதியிருக்கிறேன். அப்படி யாரேனும் தளத்தில் குழந்தைக்கும் கட்டணம் கட்டியிருந்தால், அந்தத் தொகையைத் தளத்தின் வழியாகவே திருப்பிவிடுகிறேன்.

ஒரு டிசம்பர் இரவு பத்து மணிக்கு, இரண்டு பேருக்கென்று பதிவு செய்திருந்த ஒரு காரிலிருந்து ஆறு பேர் இறங்கினார்கள், அவர்களில் ஒருவர் எண்பதை ஒட்டிய பாட்டி. அந்தக் குளிரில் யாரை வெளியே நிறுத்துவது? எங்கள் கூடத்தில் இரண்டு பேரைப் படுக்க வைத்தோம், ஒரு பைசா கூடுதலாக வாங்கவில்லை, மறுநாள் வெந்நீர் போதவில்லை என்ற குறையோடு அவர்கள் போனார்கள். அன்றிலிருந்து, பதிவு வந்த அன்றே ஒரு செய்தி அனுப்பிவிடுகிறேன்: எத்தனை பேர் வருகிறீர்கள், அறையில் நான்கு பேருக்கு மேல் இடமில்லை, மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் இரவுக்கு 350 ரூபாய். அதற்கு வரும் பதில் தளத்திலேயே பதிவாகி இருக்கும் என்பதால் வாசலில் வாக்குவாதம் எழுவதில்லை.

ஆறாம்படி: சீசனுக்கும் டல்லுக்கும் பிரித்தல்

2,000 என்பது சராசரி மட்டுமே. எந்த நாளிலும் அந்தத் தொகையையே வைத்திருக்க வேண்டியதில்லை. மலர்க் கண்காட்சியும் கோடை விழாவும் நடக்கும் ஏப்ரல், மே மாதங்கள், கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை, நீண்ட விடுமுறை வார இறுதிகள் ஆகியவை முதல் வகை. மற்ற வார இறுதிகளும் செப்டம்பர், அக்டோபர் விடுமுறைகளும் இரண்டாம் வகை. ஜூன் பள்ளி திறந்தது முதல் ஆகஸ்ட் வரையிலான வார நாட்களும், வடகிழக்குப் பருவமழை அடிக்கும் நவம்பரும், பொங்கல் முடிந்த பின் பிப்ரவரி வரையிலான வார நாட்களும் டல்.

120 இரவை 50, 40, 30 என்று பிரித்து, முறையே 2,600, 1,900, 1,300 ரூபாய் வைத்துப் பார்ப்போம். 1,30,000, 76,000, 39,000 ஆகச் சேர்ந்து 2,45,000. இரவுக்குச் சராசரி 2,042. தேவையான 2,000-ஐ எட்டிவிட்டது. அறுபது முறை சுத்தம் செய்யும் கட்டணமாக 15,000 சேர்த்தால் 2,60,000. கமிஷன் போக 2,21,000. இரவுச் செலவு 31,200, மழைக்காலக் கூடுதலோடு சலவையும் சுத்தமும் 25,200, ஆண்டுச் செலவு 1,00,000 ஆகியவற்றைக் கழித்தால் 64,600 நிற்கிறது. அந்த ஒரு லட்சத்துக்குள் நமக்கு நாமே கொடுத்துக்கொண்ட வாடகை 60,000 இருப்பதால், உண்மையில் வீட்டுக்கு வருவது 1,24,600, மாதத்துக்குச் சுமார் 10,400. சும்மா வாடகைக்கு விட்டால் 5,000 வரும் அறை, உங்கள் உழைப்பையும் சேர்த்து இவ்வளவு தருகிறது. இது போதாது என்று தோன்றினால் இந்த இடத்திலேயே நின்று யோசிப்பது நல்லது.

சீசன் வாடகையை வைக்கும்போது இ-பாஸையும் கணக்கில் கொள்ள வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் தேவை. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் நாளொன்றுக்கு 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் இருந்தது. அறை கிடைத்தும் பாஸ் கிடைக்காதவர் பதிவை ரத்து செய்வார். ஆகவே சீசன் நாட்களுக்கு, பதிவு செய்த அன்றே பாஸ் எடுக்கச் சொல்லிச் செய்தி அனுப்புவதும், முழுத் தொகையைத் திருப்பித் தரும் கெடுவைச் சற்று முன்னதாக வைப்பதும் உதவும்.

ஏழாம்படி: எவ்வளவு குறைக்கலாம், எங்கே நிற்க வேண்டும்

வாடகையைக் குறைக்கும்போது செலவு குறைவதில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. 1,900 வாடகையில் இரண்டு இரவு தங்குகிற இருவர் 250-உம் சேர்த்து 4,050 கொடுக்கிறார்கள். கமிஷன் போக 3,442. இரவுச் செலவும் சுத்தமும் 920 போக 2,522 நிற்கிறது, இரவுக்கு 1,261. அதே அறை மழைக்காலத்தில் 1,300-க்குப் போனால் மொத்தம் 2,850. கமிஷன் போக 2,422. செலவு 1,000 போக 1,422, இரவுக்கு 711. வாடகையில் குறைத்தது 32 சதவீதம்தான், ஆனால் கையில் நிற்பது 44 சதவீதம் குறைந்துவிட்டது. 1,900-இல் ஐந்து இரவு விற்றிருந்த மாதத்தில் 1,300-க்கு இறக்கினால், அதே தொகை கையில் நிற்க ஒன்பது இரவு விற்க வேண்டும். இரவுக்கு 250 என்ற உங்கள் உழைப்பையும் கழித்துப் பார்த்தால் பதினோரு இரவு வேண்டும்.

இதனால் டல் மாதம் முழுவதற்கும் ஒரேயடியாக இறக்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஜூலையானாலும் சனிக்கிழமைக்கு ஆள் வரும். அந்த இரவுகளை 1,900-இலேயே விட்டு, ஞாயிறு முதல் வியாழன் வரை மட்டும் 1,300 வையுங்கள். மேலும் குறைக்க வேண்டுமானால் இரவு வாடகையில் கைவைப்பதைவிட, அதிக நாள் தங்குகிறவருக்குக் கொடுப்பது மேல். மூன்று இரவுக்கு 15 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் விருந்தினர் 3,565 கட்டுவார். கமிஷனும் செலவும் போக 1,770 நிற்கும். இரவுக்கு 590 என்று பார்த்தால் குறைவுதான், ஆனால் ஒருமுறை மட்டுமே அறையைச் சுத்தம் செய்து, ஒரு செட் விரிப்பு மட்டுமே நனைந்து, இரண்டு இரவுத் தங்கலைவிட ஏறத்தாழ 350 ரூபாய் கூடுதலாக வந்திருக்கிறது. விரிப்பு காயாத நவம்பரில் இதன் அருமை தெரியும்.

எல்லாவற்றுக்கும் கீழே ஓர் எல்லைக்கோடு வேண்டும். செலவும் உங்கள் உழைப்பும் மட்டும் கைக்கு வந்தால் போதும் என்று வைத்துக் கணக்கிட்டால், மழைக்காலத்தில் இரண்டு இரவுத் தங்கலுக்கு இரவு வாடகை 757 வருகிறது. ஓர் இரவுத் தங்கலுக்கு 915. நான் முறையே 800, 950 என்று எழுதி, சமையலறை நாட்காட்டியின் பின்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன், ஏனென்றால் காலி அறையைப் பார்த்துக்கொண்டே தொலைபேசியில் பேரம் பேசும்போது மனம் தளர்ந்துவிடும். தளத்தில் குறைந்தபட்ச வாடகை என்று ஒரு கட்டம் இருந்தால் 950-ஐ அங்கே பதிந்துவிடுங்கள்.

அந்தக் கோட்டை நாம் தெரியாமலே தாண்டுவது பெரும்பாலும் தள்ளுபடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும்போதுதான். டல் வாடகை 1,300 ஏற்கெனவே குறைத்தது. அதன்மேல் புதிய அறைக்கென்று தளம் பரிந்துரைக்கும் 20 சதவீதம், கடைசி நேரப் பதிவுக்கு நீங்களே எப்போதோ போட்டு மறந்துபோன 10 சதவீதம் ஆகிய இரண்டும் சேர்ந்தால் வாடகை 936-க்கு வந்துவிடும், ஓர் இரவுக்கு அது எல்லைக்குக் கீழே. எனவே புதிதாகத் தொடங்குகிறவர்கள் அறிமுகத் தள்ளுபடியை டல் மாதத்தில் கொடுக்காமல் செப்டம்பர் வார இறுதிகளில் கொடுப்பது நல்லது. 1,900-இல் 20 சதவீதம் போனாலும் 1,520 நிற்கும், முதல் மூன்று நான்கு மதிப்புரைகளும் சீசனுக்கு முன்பே வந்து சேரும்.

எட்டாம்படி: பார்த்துத் திருத்துதல்

ஏப்ரல், மே வாடகையை ஜனவரி இறுதிக்குள் நாட்காட்டியில் ஏற்றிவிட வேண்டும். முன்கூட்டித் திட்டமிடும் குடும்பங்கள் தேர்வுக் கால அட்டவணை வந்ததுமே தேடத் தொடங்கிவிடுவார்கள், ஒருமுறை பதிவான தங்கலுக்குப் பின்னால் வாடகையைக் கூட்ட முடியாது. பிப்ரவரிக்குள்ளேயே மே மாத வார இறுதிகள் எல்லாம் நிறைந்துவிட்டால் 2,600 குறைவு என்று பொருள். மீதமுள்ள நாட்களுக்கு 200 கூட்டுங்கள். ஏப்ரல் நடுவிலும் மே வார நாட்கள் காலியாகக் கிடந்தால், அவற்றில் மட்டும் 200, 300 குறைத்து ஒரு வாரம் பாருங்கள். அக்கம்பக்கத்து அறைகளின் வாடகையை ஒப்பிடும் வேலை இந்தக் கட்டத்தில்தான் வருகிறது. அப்போதும் இரவு வாடகையை மட்டும் பார்க்காமல், வரியும் கட்டணமும் சேர்ந்து விருந்தினர் கட்டும் மொத்தத்தை ஒப்பிடுங்கள். டல் காலத்தில் நம் அறைக்கு இரண்டு இரவுக்கு 2,850-உடன் 5 சதவீத வரி சேர்ந்து 2,993 ஆகிறது. 1,300 என்பதற்குப் பதில் 1,325 வைத்திருந்தால் அது 3,045 ஆகி, மூவாயிரத்துக்குள் தேடுகிறவரின் கண்ணில் நம் அறை படாமலே போயிருக்கும்.

ஒவ்வொரு தங்கலுக்கும் ஒரு வரி எழுத ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: வந்த தேதி, எத்தனை இரவு, எத்தனை பேர், கைக்கு வந்த தொகை, சலவைக்குப் போனது, சுத்தம் செய்தவருக்குக் கொடுத்தது. ஆறு மாதம் எழுதிய பின் சராசரித் தங்கல் இரண்டு இரவு என்று நாம் வைத்தது சரியா என்று பாருங்கள். அது ஒன்றரை இரவாக இருந்தால், இரவுக்கு 110 என்று கரைத்த தொகை 147 ஆக வேண்டும்; அல்லது வார இறுதிக்கு மட்டும் குறைந்தது இரண்டு இரவு என்ற நிபந்தனையைப் போட வேண்டும். எனக்கு முதல் ஆண்டில் ஒன்றரைதான் வந்தது. நிபந்தனையை மே மாதத்துக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன். சனிக்கிழமை மட்டும் தங்க வந்த சிலரை இழந்தாலும், சலவைக் கடைப் பில் அந்த மாதம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.